மேட்டூர் இருப்பை வைத்து ஒரு நுண்கணிதக் கேள்வி

மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணிதம் எடுக்கிறேன். எங்கள் பக்கத்தில் மே மாதக் கடைசி வந்துவிட்டால், டீக்கடையில் பேப்பரைப் பிரிப்பவர் முதலில் தேடுவது ஒரு சின்னப் பெட்டிச் செய்தியைத்தான். காலை 8 மணி நிலவரப்படி மேட்டூர் நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி, திறப்பு இத்தனை கன அடி, இருப்பு இத்தனை டிஎம்சி. ஜூன் 12 அன்று திறப்பார்களா, குறுவைக்கு நாற்று விடலாமா என்பதெல்லாம் அந்த நான்கு எண்களில் இருக்கிறது. வகைக்கெழுவும் தொகையீடும்கூட அதே நான்கில்தான் இருக்கின்றன என்பது எனக்கு உறைக்கப் பல வருடம் ஆனது.

அதுவரை நான் எப்படிக் கேள்வி எழுதினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். “அணையின் நீர் இருப்பு S(t) எனில் S'(t) எதைக் குறிக்கும்?” என்று கேட்பேன். எல்லாரும் “நீர் இருப்பின் மாறுவீதம்” என்று எழுதுவார்கள். முழு மதிப்பெண். நான் கேட்டது அணையைப் பற்றியே இல்லை, ‘வகைக்கெழு’ என்ற சொல்லுக்கு மறுசொல் என்ன என்று மட்டும்தான் கேட்டிருக்கிறேன். அணையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஆட்டுக்குட்டியின் எடை என்று போட்டிருந்தாலும் அதே விடை வந்திருக்கும்.

சரி, எண்ணைக் கொடுத்துக் கேட்போம் என்று ஒரு வருடம் மாற்றினேன். “S(t) என்பது t-ஆம் நாளில் அணையின் இருப்பு, டிஎம்சியில். S'(20) = −0.6. இதன் பொருளை உங்கள் அப்பாவுக்குச் சொல்வதுபோல் எழுதுக.” விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்தபோதுதான் பிள்ளைகள் மனதில் என்ன ஓடுகிறது என்று தெரிந்தது. “20ஆம் நாளில் அணையில் 0.6 டிஎம்சி குறைவாக இருக்கிறது” என்றான் ஒருவன். “20 நாளில் 0.6 டிஎம்சி குறைந்துவிட்டது” என்றாள் ஒருத்தி. “அணையிலிருந்து நாளுக்கு 0.6 டிஎம்சி திறந்துவிடுகிறார்கள்” என்று நான்கைந்து பேர். இந்த மூன்றாவது எனக்குப் பெரிய லாபம். வரத்து என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டு, இருப்பின் மாற்றத்தைத் திறப்பு என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நானாக உட்கார்ந்து யோசித்திருந்தால் இப்படி ஒரு தவறான விடை எனக்குத் தோன்றியே இருக்காது. அன்றிலிருந்து நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி எழுதும்போது தவறான விடைகளை நான் கற்பனை செய்வதில்லை. முந்தைய வருடத் தாள்களிலிருந்து பிள்ளைகளின் சொற்களிலேயே எடுத்துப் போடுகிறேன்.

ஆனால் அந்தத் தாள்களில் இன்னொரு விடை என்னை மாட்டிவிட்டது. “20ஆம் நாளில் இருப்பு 0.6 டிஎம்சி குறைந்தது.” தப்பா, சரியா? தப்பு என்று கோடு போட்டேன். அந்தப் பையன் தாளைத் தூக்கிக்கொண்டு வந்தான். “சார், நாளொன்றுக்கு 0.6 வீதம்னுதானே நீங்களும் சொல்றீங்க? ஒரு நாள்ல 0.6தானே குறையும்?”

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. நம் பேச்சில் ‘வீதம்’ என்ற சொல் எங்கே வருகிறது? ஏக்கருக்கு ஒரு மூட்டை வீதம் யூரியா. தலைக்கு இரண்டு வீதம் இட்லி. ஒவ்வொன்றுக்கும் சமமாக, மாறாமல். அதே காதோடு “நாளொன்றுக்கு 0.6 டிஎம்சி வீதம்” என்பதைக் கேட்டால், ஒவ்வொரு நாளும் 0.6 என்றுதான் கேட்கும். அந்த ஒரு கணத்தின் நிலை என்பது அந்தச் சொல்லுக்குள் இல்லை. அது போதாதென்று, “t-ஆம் நாளில்” என்று நான் எழுதியதே ஓட்டை. நாள் என்பது 24 மணி நேர நீளம், கணம் அல்ல. கேள்வியில் கணமே இல்லாதபோது விடையில் கணத்தை எதிர்பார்த்தது என் பிழை.

முதல் திருத்தமாக, t-ஐ “ஜூன் 1 காலை 8 மணியிலிருந்து கழிந்த நாட்கள்” என்று எழுதினேன். t = 20 என்றால் ஜூன் 21 காலை சரியாக 8 மணி. இரண்டாவது திருத்தம்தான் நன்றாக வேலை செய்தது. கேள்வியையே திருப்பிவிட்டேன்:

“ஜூன் 21 காலை 8 மணிக்கு S'(20) = −0.6 என்று பொறியாளர் குறித்து வைத்தார். மறுநாள் காலை 8 மணிக்குப் பார்த்தால் இருப்பு முந்தைய நாளைவிட 0.9 டிஎம்சி குறைந்திருந்தது. பொறியாளர் குறித்தது தவறு என்று கட்டாயம் சொல்ல வேண்டுமா? இரண்டுமே சரியாக இருக்க வேண்டுமானால் இடையில் என்ன நடந்திருக்கலாம்?”

இதற்கு மனப்பாட விடை கிடையாது. ‘வீதம்’ என்பதை இட்லிக் கணக்காக வைத்திருப்பவன் “ஆம், தவறு” என்று எழுதிவிடுவான். புரிந்தவன், “காலையில் அந்த வீதத்தில் குறைந்துகொண்டிருந்தது, அப்புறம் பகலில் திறப்பைக் கூட்டியிருப்பார்கள்” என்பான். “வரத்து குறைந்திருக்கும்” என்றாலும் சரிதான். சொன்னது எதுவானாலும், 20-க்கும் 21-க்கும் இடையில் S' இன்னும் கீழே போயிருக்க வேண்டும் என்பது விடையில் தெரிந்தால் போதும். கணக்கே போடாமல், ஒரே கேள்வியில், ஒரு கணத்தின் வகைக்கெழுவும் ஒரு நாளின் சராசரி மாற்றமும் வேறு என்பது வெளியே வந்துவிடுகிறது.

திருத்துவதற்கு மூன்று மதிப்பெண் வைத்திருக்கிறேன். எது எந்தப் பக்கம் மாறுகிறது என்று சொல்வதற்கு ஒன்று, அலகுக்கு ஒன்று, அந்தக் கணம் என்பதற்கு ஒன்று. முதல் மதிப்பெண்ணில் நான் கறாராக இருப்பேன். தமிழில் எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவது சகஜம். “குறைகிறது” என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவார்கள். எது குறைகிறது? இருப்பா, வரத்தா, குறையும் வேகமா? திருத்துகிற நமக்குச் சரியான விடை தெரியும் என்பதால், விடுபட்ட எழுவாயை நாமே நிரப்பிக்கொண்டு மதிப்பெண் போட்டுவிடுகிறோம். பல வருடம் நான் அப்படித்தான் அள்ளிக் கொடுத்திருக்கிறேன். எது என்று எழுதாத விடைக்கு இப்போது கிடையாது. இதைத் தேர்வுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் வகுப்பில் கலவரம்தான்.

இனி தொகையீட்டுக்கு வருகிறேன். இங்கேதான் என் மானம் போனது.

வெள்ள காலம். பத்து நாள் கணக்கு. அணைக்கு வரும் நீரை A(t), திறந்துவிடும் நீரை B(t) என்று வைத்தேன். இரண்டும் வினாடிக்குக் கன அடியில். வரத்து முதலில் 10,000. நேர்கோட்டில் ஏறி 5ஆம் நாள் முடிவில் 60,000. அப்புறம் அதே மாதிரி இறங்கி 10ஆம் நாள் முடிவில் மறுபடி 10,000. திறப்பு பத்து நாளும் மாறாமல் 20,000. வரைபடத்தில் ஒரு கூம்பும், அதை வெட்டிக்கொண்டு போகும் ஒரு படுக்கைக் கோடும். 0-விலிருந்து 10 வரை (A − B)-யின் தொகையீடு எதைக் குறிக்கிறது, அதன் மதிப்பு என்ன என்று கேட்டேன். சூத்திரம் வேண்டாம், முக்கோணப் பரப்பு போதும். வரத்தின் பரப்பு 3,50,000. திறப்பின் பரப்பு 2,00,000. மிச்சம் 1,50,000. “பத்து நாளில் இருப்பு 1,50,000 கன அடி கூடியது” என்று விடைக்குறிப்பில் எழுதி வைத்திருந்தேன்.

தாளைக் கொடுத்த மறுநாள் ஒரு பெண் எழுந்தாள். அவள் அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தவர், ஷட்டர் ஏற்றி இறக்குகிற வேலை. “சார், இருபதாயிரம் கன அடி திறந்திருக்காங்கன்னா, ஒண்ணரை லட்சம் கன அடி ஏழரை வினாடியில வெளிய போயிடும். பத்து நாள் வெள்ளத்துல அவ்வளவுதான் சேருமா?”

வகுப்பு சிரித்தது. நானும்தான், கொஞ்சம் தாமதமாக. நீளம் நாளில், உயரம் வினாடிக்குக் கன அடியில். பரப்பின் அலகு ‘வினாடிக்குக் கன அடி × நாள்’. ஒரு நாளில் 86,400 வினாடி. ஆக 1,50,000-ஐ 86,400-ஆல் பெருக்க வேண்டும். கிட்டத்தட்ட 1,296 கோடி கன அடி, அதாவது 12.96 டிஎம்சி. ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு முழு நாள் ஓடினால் ஒரு டிஎம்சி. இந்த 11,574-ஐ விவசாய சங்கத்துக்காரர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். கணக்கு வாத்தியாருக்குத்தான் தெரியவில்லை.

இந்த முரண்பட்ட அலகைக் கேள்வியிலிருந்து எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எல்லாவற்றையும் நாளொன்றுக்கு டிஎம்சி என்று மாற்றிவிட்டால் சுத்தமாக இருக்கும். ஆனால் பேப்பரில் அப்படி வராது. தொகையீட்டின் அலகு என்பது இரண்டு அச்சுகளின் அலகுகளையும் பெருக்கி வருவது என்பதைக் காட்ட இதைவிட நல்ல இடமும் கிடையாது. விட்டுவைத்தேன். ஆனால் அலகைத் தனி உட்கேள்வியாகப் பிரித்து, முதலில் கேட்டேன்: “வரைபடத்தில் ஒரு சிறு கட்டம் எத்தனை கன அடித் தண்ணீர்?” கட்டத்தின் அகலம் ஒரு நாள், உயரம் வினாடிக்கு 10,000 கன அடி. 86.4 கோடி கன அடி. அதைக் கண்டுபிடித்துவிட்டால் மீதி கட்டம் எண்ணுவதுதான், வரத்துக்கு 35 கட்டம், திறப்புக்கு 20, மிச்சம் 15. பரப்புதான் தண்ணீர் என்று நான் சொல்லிக் கேட்டபோது நம்பாதவர்கள், கட்டத்தில் தண்ணீரைப் பார்த்தபோது நம்பினார்கள்.

இதே வரைபடத்தில்தான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இருக்கிறது. “இந்தப் பத்து நாளில் அணையின் இருப்பு எப்போது மிக அதிகம்?” வகுப்பில் பாதிக்கு மேல் 5ஆம் நாள் என்பார்கள். கூம்பின் உச்சி கண்ணில் நிற்கிறது, கை அங்கே போய்விடுகிறது. உண்மையில் 5ஆம் நாள் முடிவில் இருப்பு மிக வேகமாகக் கூடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு வரத்து குறைகிறது. ஆனாலும் 20,000-க்கு மேல் இருக்கிறவரை இருப்பு கூடத்தான் செய்யும். வரத்துக் கோடு திறப்புக் கோட்டை இறங்கிக் கடப்பது 9ஆம் நாள் முடிவில். உச்சம் அங்கேதான். அதேபோல், முதல் நாளில் வரத்து திறப்பைவிடக் குறைவு என்பதால் அணை சற்று இறங்கி, t = 1-இல் மிகக் குறைந்த இருப்புக்கு வருகிறது. தொடக்கத்தில் 50 டிஎம்சி என்று வைத்துப் பார்த்தால், t = 1-இல் 49.57, t = 9-இல் 63.39, t = 10-இல் 62.96.

5-க்கும் 9-க்கும் இடைப்பட்ட நான்கு நாட்கள்தான் இந்தக் கேள்வியின் உயிர். வரத்து குறைகிறது, இருப்பு கூடுகிறது, இருப்பு கூடும் வீதம் குறைகிறது. மூன்று வாக்கியத்துக்கும் மூன்று எழுவாய். மேலே சொன்ன எழுவாய்க் கறார் இங்கே கைகொடுக்கிறது. இந்த நான்கு நாளை மட்டும் தனியாக எடுத்து, “7ஆம் நாள் முடிவில் கீழ்க்கண்டவற்றில் எது கூடுகிறது, எது குறைகிறது, எது மாறவில்லை?” என்று நீர்வரத்து, திறப்பு, இருப்பு, இருப்பு மாறும் வீதம் நான்கையும் வரிசையாகக் கொடுப்பேன். நான்கும் சரியாக எழுதியவனுக்கு S', S'' இரண்டும் கைவந்துவிட்டது என்று நம்பலாம். மூன்று சரி, ஒன்று தப்பு என்றால் அநேகமாகக் கடைசியில்தான் தப்பியிருப்பான்.

இன்னொன்றையும் இதில் சேர்த்திருக்கிறேன். தொடக்க இருப்பைக் கொடுக்காமலேயே, “10ஆம் நாள் முடிவில் அணையில் எவ்வளவு தண்ணீர் இருக்கும்?” என்று ஒரு தடவை கேட்டேன். பலர் தயங்காமல் 12.96 டிஎம்சி என்றார்கள். தொகையீடு தருவது மாற்றத்தை மட்டும்தான், இருப்பை அல்ல. இதைத் தெரிந்துகொள்ள நல்ல பொறி. ஆனால் பொறி வைத்தால் அதற்கு வழியும் விட வேண்டும். “தரப்பட்ட விவரம் போதாது எனில், வேறு எந்த ஓர் எண் வேண்டும் என்று எழுதுக” என்று கீழே ஒரு வரி சேர்த்துவிட்டேன். அந்த வரி இல்லாதபோது, போதாது என்று சரியாகக் கண்டுபிடித்த பிள்ளைகளே பயந்துபோய் ஏதாவது எண்ணை எழுதிவிட்டு வந்தார்கள். கேள்வித்தாளில் விடை இல்லாத கேள்வி வராது என்பது பன்னிரண்டு வருடப் பழக்கம்.

உண்மை அணைக்கும் இந்தக் கூம்புக்கும் உள்ள தூரத்தையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுவேன். ஆவியாதல் இதில் இல்லை. பேப்பரில் வருவது காலை 8 மணி அளவு. இரண்டு காலைகளுக்கு நடுவே என்ன நடந்தது என்று அது சொல்லாது. ஒரு வாரத்துப் பேப்பரை வெட்டி எடுத்துவரச் சொல்லி, தினசரி (வரத்து − திறப்பு)-ஐக் கூட்டி, இருப்பு மாறியதோடு ஒப்பிடச் சொன்னேன். சரியாகப் பொருந்தவில்லை. பொருந்தாதது ஏன் என்று கேட்டதற்கு வந்த விடைகள் என் கேள்வித்தாளைவிட நன்றாக இருந்தன. ஆனால் இதைத் தேர்வில் வைக்க மாட்டேன், வகுப்பு வேலைக்கு மட்டும்தான். நேரமும் பிடிக்கும், எல்லார் வீட்டிலும் பேப்பரும் வராது.

எல்லாக் கேள்வியிலும் t-யே வந்ததில் ஒரு கெடுதலும் நேர்ந்தது. இரண்டு வருடத்தில் பிள்ளைகள் ஓர் அச்சு வார்த்துவிட்டார்கள். “t = ___ என்ற கணத்தில் ___ ஆனது நாளொன்றுக்கு ___ வீதத்தில் கூடுகிறது/குறைகிறது.” கோடிட்ட இடத்தை நிரப்பினால் மூன்று மதிப்பெண். நானே கொடுத்த மதிப்பெண் முறைதான் அதற்குக் காரணம். அச்சை உடைக்க வழி தேடிக்கொண்டிருந்தபோது என் அப்பாதான் அகப்பட்டார்.

அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. பேப்பர் படித்துவிட்டு முனகினார்: “அம்பதுலேர்ந்து நூறு வரைக்கும் கிடுகிடுன்னு ஏறுது. நூறைத் தாண்டினா ஏறவே மாட்டேங்குது.” நான் பெட்டிச் செய்தியின் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் சேர்த்து அன்றுதான் பார்த்தேன். நீர்மட்டம் h அடியாக இருக்கும்போது இருப்பு V(h) டிஎம்சி. முழுக் கொள்ளளவு 120 அடிக்கு 93.47 டிஎம்சி. 100 அடியில் சுமார் 65 டிஎம்சி. முதல் நூறு அடிக்கு, சராசரியாக ஓர் அடிக்கு 0.65 டிஎம்சி போதும். கடைசி இருபது அடிக்கோ ஓர் அடிக்கு 1.4-க்கு மேல் வேண்டும். அதே வெள்ளம் வந்தாலும் மேலே போகப் போக மட்டம் மெதுவாகத்தான் ஏறும்.

அப்படியானால் V'(h) என்பது என்ன? இங்கே t இல்லை, நாள் இல்லை, கூடுகிறது குறைகிறது என்ற நாடகமும் இல்லை. கன அடியை அடியால் வகுத்தால் சதுர அடி. அந்த மட்டத்தில் நீர் பரந்திருக்கும் பரப்புதான் வகைக்கெழு. மேட்டூர் நிரம்பும்போது நீர்ப்பரப்பு சுமார் 153 சதுர கிலோமீட்டர். அதன்மேல் ஓர் அடித் தண்ணீர் என்றால் ஏறத்தாழ 1.65 டிஎம்சி. ஆக V'(120) சுமார் 1.65. கொள்ளளவுப் பட்டியலைப் பார்க்காமலேயே வகைக்கெழுவை நிலப்படத்தில் அளந்துவிடலாம்.

போன வருட மாதிரித் தேர்வில் இதைக் கேட்டேன். “V'(120) = 1.65. இதன் பொருள் என்ன? V'(60) இதைவிடப் பெரியதா, சிறியதா? ஏன்?” அச்சு வார்த்தவர்கள் “120ஆம் நாளில் இருப்பு நாளொன்றுக்கு 1.65 டிஎம்சி வீதத்தில் கூடுகிறது” என்று எழுதியிருந்தார்கள். திருத்தும்போது கோபம் வரவில்லை, யார் அச்சு என்று தெரியுமே. சிலர், “120 அடியிலிருந்து இன்னும் ஓர் அடி ஏற 1.65 டிஎம்சி வேண்டும்” என்றார்கள். அணையின் முழு மட்டமே 120 அடிதான் என்பதால், 119-லிருந்து 120 என்று ஒரு பையன் தானே மாற்றி எழுதியிருந்தான். ‘ஏறத்தாழ’ என்ற சொல்லையும் போட்டிருந்தான். பரப்பு என்று எழுதியவர்கள் மூன்று பேர்.

V'(60)-க்கு “சிறியது” என்று பெரும்பாலோர் சரியாக எழுதினார்கள். காரணமாகத்தான் பலர் “தண்ணீர் குறைவாக இருப்பதால்” என்று எழுதிவிட்டார்கள். கிணறு மாதிரி நேர்ச்சுவராக இருக்கும் அணையில் அறுபது அடியிலும் V' அதேதான் இருக்கும் என்பது அந்தக் காரணத்தில் இல்லை. இந்த வருடம் கேள்விக்குப் பக்கத்தில் ஒரு கிணற்றையும், மேலே போகப் போக அகலும் ஒரு குளத்தையும் குறுக்குவெட்டாக வரைந்து, இரண்டுக்கும் V'-இன் வரைபடம் போடச் சொல்லியிருக்கிறேன். தாள்கள் மேசையில் இருக்கின்றன, இன்னும் பிரிக்கவில்லை.